காற்றாலையின் இலாபமும் கைக்கு வந்த காசும்

(கிளிநொச்சியில் பங்கு முதலீட்டாளர்களுக்காக நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆனையிறவைத் தாண்டி ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகும்போது பளைப் பக்கம் நிற்கும் காற்றாலைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நமது கிளிநொச்சி மாவட்டத்துக்குள், பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தில் இருப்பவை அவை. தலா 10 மெகாவாட் கொண்ட இரண்டு ஆலைகள் 2014இல் அங்கே இயங்கத் தொடங்கின. அவற்றில் பங்கு வைத்திருக்கும் வின்ட்ஃபோர்ஸ் நிறுவனம் 2021இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 16 ரூபாவுக்குப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. ஆகவே பளையில் சுற்றுகிற காற்றாடியின் வருமானத்தில் ஒரு சிறு பங்கை இந்த மண்டபத்தில் இருப்பவரும் வாங்கலாம்.

பங்குகளைப் பற்றி ஓரளவு தெரிந்தவர்கள் நீங்கள். பங்கொன்றுக்கான உழைப்பு என்றால் என்ன, விலையை அதனால் பிரித்தால் என்ன வரும் என்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த உழைப்பு உண்மையில் காசாக வந்ததா என்பதைச் சோதிக்கும் ஓர் அளவுகோலைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். சுயாதீனக் காசுப்பாய்ச்சல் விளைவு என்று அதைச் சொல்கிறோம். தொழிலை நடத்தி வந்த காசிலிருந்து, இயந்திரங்களையும் கட்டடங்களையும் பேணவும் வாங்கவும் போன காசைக் கழித்தால் மிஞ்சுவது சுயாதீனக் காசுப்பாய்ச்சல். நிறுவனத்தின் மொத்தச் சந்தைப் பெறுமதியால் அதைப் பிரித்து வீதமாகச் சொன்னால் அதுவே விளைவு. இலாபத்தையும் இதேபோலச் சந்தைப் பெறுமதியால் பிரிக்கலாம். அது இலாப விளைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கிலே எழுதிய இலாபத்தின் தரம் வெளியே தெரியத் தொடங்கும்.

நெல்லை ஆலைக்காரரிடம் கடனுக்குக் கொடுத்துவிட்டுக் கொப்பியில் விற்பனை என்று எழுதி வைத்தவரின் நிலை வன்னியில் எவருக்கும் புரியும். விளைச்சல் நல்லது, விலையும் நல்லது, கணக்கில் இலாபம் நிற்கிறது. ஆனால் அடுத்த போகத்துக்கு உரம் வாங்கக் கையில் காசில்லை. இலங்கையின் சிறு மின்னுற்பத்தி நிறுவனங்கள் 2020க்கும் 2023க்கும் இடையில் இதே நிலையில்தான் இருந்தன.

நடந்தது இதுதான். காற்று, சூரிய ஒளி, சிறு நீர்வீழ்ச்சி ஆகியவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிறுவனங்கள் இலங்கை மின்சார சபையோடு நீண்டகால ஒப்பந்தம் செய்திருந்தன. பெரும்பாலும் 20 வருட ஒப்பந்தம். வாங்கியவர் ஒரே ஒருவர், மின்சார சபை. மாதமுடிவில் மானியை வாசித்து எத்தனை அலகு கொடுத்தோம் என்று பட்டியல் அனுப்பினார்கள். மின்சாரம் கம்பிக்குள் போன கணமே விற்பனை நடந்துவிட்டதாகக் கணக்கீட்டு நியமங்கள் கருதுகின்றன. ஆகவே இலாப நட்டக் கூற்றில் வருமானம் பதியப்படும். காசு எப்போது வரும் என்பது வேறு விடயம்.

மின்சார சபையோ உற்பத்திச் செலவுக்குக் கீழே மின்சாரத்தை விற்றுக்கொண்டிருந்தது. 2014இல் கட்டணம் குறைக்கப்பட்டது. அதன்பின் 2022 ஆகஸ்ட் வரை உயர்த்தவே இல்லை. எரிபொருள் விலை ஏறியது, ரூபா சரிந்தது, சபையின் கையில் காசு தீர்ந்தது. முதலில் காக்க வைக்கப்பட்டவர்களில் சிறு மின்னுற்பத்தியாளர்களும் அடக்கம். நிலுவை மாதக் கணக்கில் நீண்டது. காற்றாடி சுற்றியது, பட்டியல் போனது, வருமானம் பதிவானது, காசு வரவில்லை. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்த பிறகே சபை நிலுவைகளைப் படிப்படியாகத் தீர்க்கும் நிலைக்கு வந்தது.

இந்தக் காலத்து ஒரு நிறுவனத்தின் கணக்கை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். உண்மையான நிறுவனம் எதனதும் எண்களை இங்கே எடுக்கவில்லை. கணக்குத் தெளிவாகத் தெரிவதற்காக 10 மெகாவாட் காற்றாலை ஒன்றை நானே அமைத்திருக்கிறேன். அது வருடத்துக்கு 30 மில்லியன் அலகு தருகிறது, அலகுக்கு 20 ரூபா என்று வைப்போம். வருமானம் 600 மில்லியன் ரூபா. ஆலையைக் கட்ட 2,400 மில்லியன் செலவானது. 20 வருடத்துக்குப் பிரித்தால் வருடப் பெறுமானத் தேய்வு 120 மில்லியன். நடத்தும் செலவு 100, கடன் வட்டி 100, வரி 30. இலாபம் 250 மில்லியன். சந்தையில் இந்த நிறுவனத்தின் மொத்தப் பெறுமதி 2,500 மில்லியன். இலாப விளைவு 10 வீதம்.

முதலாம் வருடம் மின்சார சபை ஒழுங்காகக் காசு கொடுத்தது. 250 இலாபத்தோடு 120 தேய்வைத் திரும்பக் கூட்டுகிறோம், ஏனென்றால் தேய்வு என்பது இந்த வருடம் எவருக்கும் கொடுத்த காசல்ல. 370 வருகிறது. உதிரிப்பாகம் போன்றவற்றுக்கு 10 மில்லியன் மூலதனச் செலவு. மிஞ்சுவது 360. விளைவு 14.4 வீதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சுயாதீனக் காசுப்பாய்ச்சல் இலாபத்துக்குச் சமமாக இருந்தால் தரம் நல்லது என்று பல புத்தகங்களில் ஒரு பொது விதி இருக்கும். காற்றாலைக்கு அந்த விதி பொருந்தாது. கட்டும்போதே காசெல்லாம் போய்விட்ட தொழில் இது. கட்டி முடிந்தபின் பெரிய செலவு கிடையாது. ஆகவே காசு இலாபத்தைவிட அதிகமாக வருவதே இங்கு இயல்பு. நமது ஆலையில் இயல்பான விகிதம் ஒரு ரூபா இலாபத்துக்கு 1.44 ரூபா காசு. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காற்றாலையின் காசு இலாபத்துக்குச் சமமாக மட்டும் வந்தால்கூட எங்கோ ஏதோ சிக்கியிருக்கிறது என்று பொருள். எந்தத் தொழிலுக்கு எது இயல்பு என்று முதலில் தீர்மானிக்காமல் இந்த அளவுகோலைக் கையில் எடுக்கக் கூடாது.

இரண்டாம் வருடம். காற்று அதே காற்று, 600 மில்லியன் வருமானம். ஆனால் மின்சார சபை 250 மில்லியனை மட்டும் கொடுத்தது, 350 நிலுவை. தாமதமாகக் கொடுத்தால் வட்டி உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று வையுங்கள். நிறுவனம் 30 மில்லியனைத் தாமத வட்டி வருமானமாகப் பதிகிறது. அதுவும் கைக்கு வரவில்லை. அன்றாடச் செலவைச் சமாளிக்க வங்கியில் மேலதிகப் பற்று எடுத்ததில் 20 மில்லியன் கூடுதல் வட்டி. இலாபம் 250உடன் 30ஐக் கூட்டி 20ஐக் கழித்தால் 260 மில்லியன். கவனியுங்கள், இலாபம் கூடியிருக்கிறது. பங்கொன்றுக்கான உழைப்பு 4 வீதம் வளர்ந்திருக்கிறது. செய்தித்தாளில் வரும் தலைப்பு அதைத்தான் சொல்லும்.

இப்போது காசை எண்ணுவோம். உள்ளே வந்தது 250. வெளியே போனது நடத்தும் செலவு 100, வட்டி 120, வரி 30, மூலதனச் செலவு 10. மொத்தம் 260. மிச்சம் மைனஸ் 10 மில்லியன். பங்கு விலை மாறவில்லை என்று வைத்தால் இலாப விளைவு 10.4 வீதம், காசு விளைவு பூச்சியத்துக்கும் கீழே. இலாபத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது நல்ல வருடம். காசைப் பார்ப்பவருக்கு இது வங்கிக் கடனில் மூச்சுவிட்ட வருடம். இதே வருடத்தில் நிறுவனம் பங்கிலாபமும் கொடுத்திருந்தால், அந்தப் பங்கிலாபம் வங்கியிடமிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை. 2022இன் இறுதியில் மூன்று மாதத் திறைசேரி உண்டியலே 30 வீதத்துக்கு மேல் விளைவு கொடுத்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தக் காலத்தில் கடன் எடுத்துப் பங்கிலாபம் கொடுப்பது எவ்வளவு விலையுயர்ந்த காரியம் என்று புரியும்.

மூன்றாம் வருடம் சபை அந்த வருடத்துக்குரியதையும் பழைய நிலுவை 350ஐயும் வட்டி 30ஐயும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. இலாபம் மறுபடி 250. காசோ 740. விளைவு ஏறக்குறைய 30 வீதம். இந்த எண்ணைப் பார்த்து மலிவான பங்கு என்று ஓடிப்போய் வாங்குபவரும் ஏமாறுவார். அந்த 740இல் 380 பழைய கடன் தீர்ந்த காசு. அடுத்த வருடம் அது வராது.

ஆகவே ஒரு வருடத்து விளைவை நான் நம்புவதில்லை. மூன்று வருடத்தைக் கூட்டுங்கள். இலாபம் 250, 260, 250, மொத்தம் 760. காசு 360, மைனஸ் 10, 740, மொத்தம் 1,090. ஒரு ரூபா இலாபத்துக்கு 1.43 ரூபா காசு. நாம் முதலில் கண்ட இயல்பான விகிதத்துக்கே திரும்பி வந்துவிட்டது. இந்த நிறுவனத்தின் இலாபம் பொய்யல்ல, பிந்தி வந்த இலாபம். மூன்று நான்கு வருடம் கூட்டியும் விகிதம் 1.44ஐ நெருங்காமல் 0.6, 0.7 என்றே நின்றால்தான் அந்த இலாபத்தின் ஒரு பகுதி ஒருபோதும் காசாகாது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் மூன்று வருடம் காத்திருந்துதான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? இல்லை. இரண்டாம் வருடக் கணக்கிலேயே சுவடு இருக்கும். நிதிநிலைமைக் கூற்றில் வியாபார வருமதிகள் என்ற வரியை எடுங்கள். வருட வருமானத்தால் பிரித்து 365ஆல் பெருக்கினால் எத்தனை நாள் விற்பனை வெளியே நிற்கிறது என்று வரும். நமது ஆலையில் முதலாம் வருட இறுதியில் 100 மில்லியன் வருமதி இருந்தது என்று வைத்தால் அது ஏறக்குறைய 61 நாள். இரண்டாம் வருட இறுதியில், வட்டியைச் சேர்க்காமலே, 450 மில்லியன், 274 நாள். வருமானம் அசையாமல் நிற்க வருமதி நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அடுத்து வருமதிக்கான குறிப்பைப் புரட்டுங்கள். யாரிடமிருந்து வரவேண்டும், எத்தனை நாள் பழைய நிலுவை, அறவிட முடியாமல் போகக்கூடும் என்று எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது அங்கே இருக்கும். அரச நிறுவனம் என்பதால் ஒதுக்கம் மிகச் சிறியதாக இருக்கலாம். அது நியாயமா என்று தீர்மானிப்பது உங்கள் வேலை. கடைசியாகக் குறுங்காலக் கடனும் மேலதிகப் பற்றும் எவ்வளவு கூடின என்று பாருங்கள். வருமதியும் மேலதிகப் பற்றும் ஒன்றாக ஏறினால் கதை முழுவதும் விளங்கிவிடும். காலாண்டுக் கணக்குகள் பங்குச் சந்தையின் இணையத்தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, எனவே வருடாந்த அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை.

கணக்கெடுக்கும்போது ஓர் இடத்தில் பலரும் தவறுகிறார்கள். கடனுக்குக் கட்டிய வட்டியைத் தொழிற்பாட்டுப் பகுதியில் காட்டவும் நிதியிடல் பகுதியில் காட்டவும் காசுப்பாய்ச்சல் நியமம் நிறுவனங்களுக்கு இடம் கொடுத்திருந்தது. நிதியிடல் பகுதியில் காட்டினால் தொழிற்பாட்டுக் காசு பெருத்துத் தெரியும். சந்தைப் பெறுமதி பங்குதாரருக்குரியது. ஆகவே அதை வைத்துப் பிரிப்பதாயின், வட்டி கழிந்த பின் மிஞ்சும் காசையே எடுக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும் முன் இருவரும் வட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து ஒரே இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

நான் அமைத்த ஆலை ஒன்றே ஒன்று, புதிதாக எதையும் கட்டுவதில்லை. உண்மையான நிறுவனம் அப்படி இருக்காது. வின்ட்ஃபோர்ஸ் போன்ற ஒரு குழுமம் புதிய ஆலைகளைக் கட்டிக்கொண்டே இருக்கும். அப்போது மூலதனச் செலவு காசை விழுங்கும், விளைவு மறையாகும். அதனால் இலாபத்தின் தரம் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. பழையதைப் பேணப் போன காசு எவ்வளவு, புதியதைக் கட்டப் போன காசு எவ்வளவு என்று பிரித்து, தரத்தைச் சோதிக்கும்போது முதலாவதை மட்டும் கழியுங்கள். புதியதைக் கட்டப் போன காசு நல்ல முதலீடா என்பது தனிக் கேள்வி. அதோடு இணை நிறுவனங்களின் இலாபத்தில் குழுமத்துக்குரிய பங்கு இலாபக் கணக்கில் வரும். ஆனால் அவை பங்கிலாபம் கொடுத்தால் மட்டுமே காசு வரும். பல ஆலைகளில் பகுதிப் பங்கு வைத்திருக்கும் குழுமத்தில் இந்த இடைவெளி சிறியதல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 14.5 வீதச் சராசரி விளைவு என்றதும் வங்கி வைப்பைவிட எவ்வளவு மேல் என்று மனம் கணக்குப் போடும். ஒப்பந்தத்துக்கு முடிவு உண்டு. 2014இல் தொடங்கிய 20 வருட ஒப்பந்தம் 2034இல் முடியும். நமது ஆலைக்கு இன்னும் 11 வருடம் மீதி என்று வைப்போம். வருடம் 363 மில்லியன் வீதம் 11 வருடம் வந்து, அதன்பின் ஒன்றுமில்லை என்றால், 2,500 மில்லியன் கொடுத்து வாங்கியவருக்குக் கிடைக்கும் உண்மையான வருடாந்த வருவாய் 9 வீதத்தைக்கூடத் தொடாது. கடனின் முதலைத் தவணையாகத் திருப்பிக் கட்டும் பணமும் அந்தக் காசிலிருந்தே போக வேண்டுமென்றால் இன்னும் குறையும். விளைவில் ஒரு பகுதி உங்கள் சொந்த முதலே உங்களிடம் திரும்பி வருவது. இலாபத்தின் தரத்தைச் சோதிக்க இந்த அளவுகோல் நல்லது. பங்கு மலிவா என்று சொல்ல இது மட்டும் போதாது.

வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் இதைப் பயன்படுத்தாதீர்கள். வைப்பு வாங்குவதும் கடன் கொடுப்பதுமே அவர்களது தொழில். வைப்பு பெருகினாலே காசுப்பாய்ச்சல் பெருகும். அதில் இலாபத்தின் தரம் எதுவும் தெரியாது.

காசையே பொய்யாக எழுதினால் என்ன செய்வது? இந்தக் கேள்வி நியாயமானது. 2009 ஜனவரி 7ஆம் திகதி ஹைதராபாத்தின் சத்யம் கம்பியூட்டர் சேர்விசஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு பணிப்பாளர் சபைக்கு ஒரு கடிதம் கொடுத்தார். கணக்கில் காட்டிய காசு மற்றும் வங்கி மீதி 5,361 கோடி இந்திய ரூபாயில் 5,040 கோடி இல்லாதது என்று அதில் ஒப்புக்கொண்டார். வருமதியில் மிகைப்படுத்தியது 490 கோடி மட்டுமே. அதாவது மோசடியின் பெரும்பகுதி வருமதியில் ஒளிந்திருக்கவில்லை, வங்கி மீதியில் இருந்தது. நான் இதுவரை சொன்ன சோதனையால் அதைப் பிடித்திருக்க முடியாது, ஏனென்றால் பொய் இலாபத்துக்குப் பொய்க் காசு ஈடு கட்டியிருந்தது.

இல்லாத காசு வட்டி தராது என்பதே அங்கே பிடி. ராஜுவின் அதே கடிதத்தில், 376 கோடி ரூபாய் சேர்ந்த வட்டியும் இல்லாதது என்று இருக்கிறது. வட்டியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போனார்கள், அது கையில் வரவில்லை. பெரிய வங்கி மீதி காட்டும் நிறுவனத்தில், காசுப்பாய்ச்சல் கூற்றிலே உண்மையில் பெற்ற வட்டி என்று எழுதியிருக்கும் தொகையை, வருடத்தின் தொடக்க மீதிக்கும் இறுதி மீதிக்கும் சராசரி எடுத்து அதனால் பிரித்துப் பாருங்கள். சந்தையில் நிலையான வைப்புக்கு 10 வீதம் கிடைக்கும் காலத்தில் இவர்களுக்கு 2 வீதம்தான் வந்தது என்றால், அந்தக் காசு நடைமுறைக் கணக்கில் சும்மா கிடக்கிறதா, பிணையாகக் கட்டுப்பட்டிருக்கிறதா, அல்லது இல்லவே இல்லையா என்று ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்பதற்கு ஒரு பங்கு வைத்திருந்தாலே போதும். கையில் நிறையக் காசு இருப்பதாகக் காட்டிக்கொண்டு அதைவிடக் கூடிய வட்டிக்குக் கடன் எடுக்கும் நிறுவனத்திடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

நண்பர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் நீங்கள் ஏற்கெனவே பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் கடைசி மூன்று வருடாந்த அறிக்கைகளை எடுங்கள். மூன்று வருட இலாபத்தை ஒரு பக்கம் கூட்டுங்கள், வட்டியும் பேணல் செலவும் கழிந்த காசை மறுபக்கம் கூட்டுங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்கு அறிக்கையின் குறிப்புகளிலிருந்தே காரணம் காட்ட உங்களால் முடிந்தால் பங்கை வைத்திருங்கள். முடியாவிட்டால், அந்தக் காரணம் கிடைக்கும்வரை மேலும் ஒரு பங்கும் வாங்க வேண்டாம்.